500 மில்லியும் 200 மில்லியும்: ஓர் உப்புக் கணக்கு

கடம்பத்தூரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி, ஒரு கணக்கை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். 0.9% உப்புக் கரைசலையும் 3% உப்புக் கரைசலையும் கலந்து 1.5% ஆக்க வேண்டும். எந்த விகிதத்தில்?

இந்த ரெண்டு எண்களும் ஆஸ்பத்திரியில் தினமும் பார்ப்பவை. 0.9% என்பது வழக்கமா ஏத்துற நார்மல் சலைன். 3% என்பது, ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைஞ்சவங்களுக்குக் கொடுப்பது.

இப்போ தூரத்தைப் பாருங்க. 1.5-லிருந்து 3-க்கு 1.5 தூரம். 0.9-க்கு 0.6 தூரம். இதைத் தலைகீழா எடுத்துக்கணும். அதாவது 0.9% கரைசல் 1.5 பங்கு, 3% கரைசல் 0.6 பங்கு. சுருக்கினா 5:2. 500 மில்லி நார்மல் சலைனோடு 200 மில்லி 3% சலைன்.

சரியான்னு உப்பை எடை போட்டுப் பாருங்க. முதலாவதில் 4.5 கிராம், ரெண்டாவதில் 6 கிராம். மொத்தம் 700 மில்லியில் 10.5 கிராம். அதாவது 1.5%. சரி!

விகிதத்தை மாத்திப் போட்டா 2.4% வந்துடும். 1.5 என்பது 0.9-க்குத்தான் பக்கம், அதனால் அதுதான் அதிகம் வேணும். இதை நினைச்சாலே தப்பு தெரிஞ்சுடும்.

தேர்வில் தப்பினா மார்க் போகும். வார்டில், நாள்பட்ட சோடியம் குறைவை வேகமா ஏத்தினா மூளை நரம்புகளின் உறையே சிதையலாம். அதனால்தான் அளவை இன்னொருவரும் சரிபார்த்து, ரத்தத்தில் சோடியத்தைத் திரும்பத் திரும்பப் பரிசோதிக்கிறோம்.