செய்தியில் அடிபட்ட நிறுவனத்திடம் எப்போது, எப்படிப் பேசுவது?



நமது பிள்ளைகளில் பலர் இன்று கம்பனிகளின் விற்பனைப் பிரதிநிதிகளாக இருக்கிறார்கள். வாங்கக்கூடிய நிறுவனத்தைத் தேடிப் போகிறார்கள், விலைக்கூறல் கொடுக்கிறார்கள், மாதக் கணக்கில் பின்தொடர்கிறார்கள். அப்படிப் பின்தொடரும் நிறுவனம் ஒரு நாள் துயரச் செய்தியாகப் பத்திரிகையில் வந்துவிட்டால் என்ன செய்வது? பேசுவதா, இருப்பதா? பேசினால் எந்தக் குரலில் பேசுவது? எனது தங்கையின் மகனுக்கு இந்தக் கேள்வி நேரிட்டபோது நானும் அவரோடு இருந்து யோசித்தேன். அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

மருமகன் விற்பது தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம். கிழக்கில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் நிர்வாக முகாமையாளரோடு மூன்று மாதமாகப் பேசி, மூன்று இயந்திரங்களுக்கு விலைக்கூறல் கொடுத்திருந்தார். அது 30 நாட்களுக்குச் செல்லுபடியாகும். புதன்கிழமை தொலைபேசியில் முடிவைச் சொல்வதாக ஏற்பாடு. திங்கட்கிழமை பகலுணவுக்குப் பின் அத்தொழிற்சாலையின் பெண் பிள்ளைகள் பலர் வாந்தியோடும் வயிற்றோட்டத்தோடும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது.

அன்று பின்னேரம் மருமகன் ஒரு கடிதத்தை எழுதி, தமிழைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டு வந்தார். "நடந்ததையிட்டுக் கவலையடைகிறோம். எமது இயந்திரம் இருந்திருந்தால் இது நடந்திராது. இந்த வாரமே பொருத்தித் தரலாம், நூற்றுக்குப் பத்து வீதம் கழிவும் உண்டு" என்பது அதன் சாரம். "மாமா, மாத முடிவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான். இந்த ஓடர் கிடைக்காவிட்டால் எனக்குக் கொமிஷன் இல்லை" என்றார். அவர் நிலைமை எனக்கு விளங்கியது. ஆயினும் திருத்த வேண்டியது தமிழ் மட்டுமல்ல என்று சொன்னேன். அவரது கம்பனியில் இருபது வருடம் விற்பனை செய்த மூத்தவர் ஒருவரையும் அழைத்துப் பேசினோம்.

அவர் முதலில் கேட்டது, "உங்கள் பக்கத்திலிருந்து அவருக்கு இந்த வாரம் என்னென்ன போகப் போகிறது?" என்பதே. பார்த்தால், வியாழக்கிழமை கம்பனிக் கணினி தானாகவே அனுப்பவிருந்த மின்னஞ்சலின் தலைப்பு, "சுத்தமான நீர், சுகமான ஊழியர்" என்றிருந்தது! மூன்று வாரத்துக்கு முன் நல்லெண்ணத்தோடு எழுதிய வசனம்தான். இப்போது அது ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவரைக் குத்திக் காட்டும். உடனே அவருடைய பெயரை அந்தத் தானியங்கி வரிசையிலிருந்து எடுத்தார்கள். கந்தோரில் நினைவூட்டல் அனுப்பும் பிள்ளைக்கும் அதே தொழிற்சாலையோடு தொடர்புள்ள மற்றப் பிரதிநிதிக்கும் சொல்லி வைத்தார்கள். எதை எழுதுவது என்று யோசிக்கும் முன்பே, ஏற்கனவே புறப்பட்டுவிட்டதை நிறுத்த வேண்டும்.

அடுத்து, அந்தக் கடிதத்தில் என்ன பிழை? ஒன்று, காரணம் யாருக்கும் தெரியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உணவு, நீர் மாதிரிகளை அப்போதுதான் எடுத்துச் சென்றிருந்தார். இரண்டு, "எமது இயந்திரம் இருந்திருந்தால்" என்பது ஆறுதல் அல்ல, குற்றச்சாட்டு. அதற்கு முகாமையாளர் "ஆம்" என்று பதில் எழுதினால், தண்ணீரில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டதாகும். நாளை விசாரணையில் அந்த எழுத்து அவருக்கு எதிராக வரலாம். ஆகவே அவரால் பதில் எழுதவே முடியாது. மூன்று, இப்படியான நாட்களில் வரும் புதிய கடிதங்களை நிறுவனங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. 2024 யூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனம் அனுப்பிய பிழையான மென்பொருளால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் கணினிகள் முடங்கின. உதவி செய்கிறோம் என்று சொல்லி மோசடிக்காரர்கள் உடனே புறப்பட்டார்கள். அந்த வேளையில் ஒரு நேர்மையான வியாபாரியின் கடிதமும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகவே தோன்றியிருக்கும் அல்லவா?

அப்படியானால் மௌனமாக இருப்பதா? புதன்கிழமை பேசுவதாகச் சொன்னவர் பேசாமலே விட்டால் அதுவும் மரியாதையல்ல. ஜனாஸா வீட்டுக்குப் போகிறோம். கடன் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போவதில்லை, போகாமலும் இருப்பதில்லை. செவ்வாய் இரவு மருமகன் அனுப்பிய செய்தி இவ்வளவுதான்:

"ஐயா, புதன்கிழமை அழைப்பை இப்போதைக்கு விட்டுவிடுவோம். விலைக்கூறலை இன்னும் இரண்டு மாதத்துக்கு நீடித்திருக்கிறோம். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பிள்ளைகள் விரைவில் சுகமடைய வேண்டும். இதற்குப் பதில் தேவையில்லை."

இதில் சம்பவத்தின் விபரம் இல்லை, கேள்வி இல்லை, இணைப்பு இல்லை, கழிவு இல்லை. அவர் தலையிலிருந்த ஒரு சுமையை மட்டும் இறக்கி வைக்கிறது.

பிறகு எப்போது திரும்பப் பேசுவது? இத்தனை நாள் என்று கணக்கு வைப்பதைவிட அடையாளத்தைப் பார்ப்பது நல்லது. வைத்திய பரிசோதனை முடிவு வந்ததா? வேலை வழமைக்குத் திரும்பியதா? அந்த நிறுவனம் சாதாரண விடயங்களைப் பேசத் தொடங்கியதா? ஐந்தாவது வாரம் அத்தொழிற்சாலை புதிய உணவு ஒப்பந்தகாரரைத் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் போட்டது. மறு நாள் மருமகன் அழைத்தார். சம்பவத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. "ஐயா, தண்ணீர் இயந்திர விடயத்தைத் தொடர்வோமா, இந்த வருடத்துக்கு விட்டுவிடுவோமா? எதுவானாலும் சரி" என்று மட்டும் கேட்டார். விடுவதற்கும் வழி வைத்துக் கேட்டால், கேட்கப்பட்டவர் மனம் திறப்பார்.

முகாமையாளரே சொன்னார்: காரணம் தண்ணீர் அல்ல; இரவே சமைத்து மூடி வைத்திருந்த சோறு! முதற்கடிதம் போயிருந்தால் நமது பிள்ளை எந்த முகத்தோடு பேசியிருப்பார்? ஆயினும் கொள்வனவு முடிவு இப்போது கொழும்புத் தலைமைக் காரியாலயத்துக்குப் போய்விட்டது என்றார். துயரச் செய்திக்குப் பின் பெரும்பாலும் இப்படித்தான்: கையொப்பமிடும் கை மாறிவிடும். அங்கே யாரைப் பார்ப்பது என்று அவரே பெயர் கொடுத்தார். நான்கு மாதத்தின் பின் மூன்றுக்குப் பதிலாக ஓர் இயந்திரத்துக்கு ஓடர் வந்தது. அந்த மாதக் கொமிஷன் போனது போனதுதான்.

எல்லாச் செய்திக்கும் ஒரே அளவுகோல் இல்லை. இலாபம் குறைந்தது என்ற செய்திக்காக வேலையை நிறுத்தத் தேவையில்லை. ஆட்குறைப்பு என்றால், நீங்கள் பேசும் மனிதரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கலாம். "செலவைக் குறைத்துத் தருகிறோம்" என்ற வழக்கமான வசனம் அவர் காதில் வேறு விதமாக விழும், அதை எடுத்துவிடுங்கள். ஊழல், வழக்கு என்றால் அதைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்லும் வேண்டாம்.

ஓர் இடத்தில் மட்டும் காத்திருப்பது தவறு. நீங்கள் ஏற்கனவே விற்ற பொருள் அந்தச் சம்பவத்தில் சம்பந்தப்பட்டிருக்கக் கூடுமானால், அன்றைக்கே, அந்த மணித்தியாலத்திலேயே போய் நிற்க வேண்டும். விற்பதற்கல்ல, பரிசோதித்துக் கொடுப்பதற்கு.