ஆச்சியின் கை 41 கிராம்

சென்னையில் இருக்கும் சித்தி மகள்தான் ஆரம்பித்து வைத்தாள். "அண்ணே, ஆச்சி சமையலை எல்லாம் எழுதி வைப்போம். நம்ம குடும்பத்துக்கு மட்டும் ஒரு புஸ்தகம். ஆனா 'கொஞ்சம்', 'ஒரு கை'னு எழுதாதீங்க. கிராம்ல வேணும்." ஆச்சிக்கு எண்பத்திரண்டு வயது. குத்துக்கல்வலசையில் எங்களோடுதான் இருக்கிறாள். ஆடி மாதம், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வயலில் பெரிய வேலை இல்லை. சரி என்று ஒரு சமையல் தராசு வாங்கினேன்.

முதலில் உளுந்தஞ்சோறு. நம்ம பக்கத்துச் சோறு. தொலி உளுந்தை வாசம் வரும் வரை வெறும் சட்டியில் வறுத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, அது பாதி வெந்ததும் அரிசி, பூண்டு, வெந்தயம், சீரகம், தட்டின சுக்கு. குழைந்து வரும்போது உப்பும் தேங்காய்ப்பூவும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல்.

அரிசிக்கு ஆச்சியிடம் பித்தளை உழக்கு ஒன்று இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பார்த்தேன், 350 மில்லி. அரிசியைத் தலைதட்டி அளந்தால் 295 கிராம். ஆனால் ஆச்சி தலைதட்ட மாட்டாள். கோபுரமாகக் குவிப்பாள், அது 345. உளுந்தை மட்டும் தலைதட்டுவாள். ஏன் என்று கேட்டேன். "அரிசி வயலுக்கும் சேத்து, உளுந்து வாய்க்கு மட்டும்" என்றாள். எனக்கு இன்றுவரை புரியவில்லை. இரண்டு கோபுர உழக்கு அரிசி 690, ஒரு தலைதட்டின உழக்கு உளுந்து 280 என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இந்த உழக்குக் கணக்கு எங்கள் வீட்டுத் தலைவலி மட்டும் இல்லை. எஸ். மீனாட்சி அம்மாள், உறவுக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் எழுதிய 'சமைத்துப் பார்' 1951-இல் வந்தபோது, ஆழாக்கும் பலமும்தான் புழக்கம். கிராமுக்கு நாட்டில் சட்டம் வந்ததே 1956-இல்தான். எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற வாய்பாடு எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஊருக்கு ஊர் படி வேறு. அதனால் பழைய அளவு எதையாவது கிராமுக்கு மாற்ற நினைத்தால், வாய்பாட்டை நம்பாமல் அந்த வீட்டு உழக்கையே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

அடுத்தது வெந்தயம். மூன்று விரலால் ஒரு சிட்டிகை. தராசில் போட்டால் ஒரு தடவை 1, ஒரு தடவை 2 என்று காட்டியது. ஒரு கிராமுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. பத்து சிட்டிகை எடுத்துப் போடச் சொல்லி, மொத்தத்தைப் பத்தால் வகுத்தேன். 14 கிராம், அப்போ சிட்டிகைக்கு 1.4. ஆனால் ஐந்தாவது சிட்டிகைக்கு மேல் ஆச்சி யோசித்து யோசித்து எடுக்க ஆரம்பித்தாள். "என்னல, நகை ஆசாரி மாதிரி நிறுத்துக்கிட்டு இருக்க. கை கூசுது."

அதுதான் பாடம். எடுத்துத் தட்டில் போடச் சொன்னால் கை மாறிவிடுகிறது. உப்புக்கு வேறு வழி செய்தேன். உப்பு மரவையையே தராசில் தூக்கி வைத்து, முள்ளைப் பூஜ்யமாக்கிவிட்டு, நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவள் பாட்டுக்கு அள்ளிப் போட்டாள். குறைந்த எடைதான் அவள் எடுத்த உப்பு. இப்படி மூன்று வாரம், மூன்று சமையல்: 41, 43, 39. சராசரி 41 கிராம் கல்லுப்பு. பெருமையோடு சென்னைக்கு அனுப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. "அண்ணே, பாதி அளவுதான் செஞ்சேன், எல்லாத்தையும் சரிபாதியாத்தான் போட்டேன். வாயில வைக்க முடியல. அவியலைத் தொட்டுக்கிட்டும் இறங்கல. ஒரே உப்பு."

கல்லுப்புக்குப் பதில் தூளுப்பு போட்டிருப்பாளோ என்று முதலில் நினைத்தேன். கரண்டியில் அளந்தால் அது பெரிய வித்தியாசம். எடை போட்டால் இல்லை. அவள் எடைதான் போட்டிருந்தாள். பிறகு சாரல் ஞாபகம் வந்தது. எங்கள் மரவையில் உப்பு ஆடி முழுக்க கசிந்துகொண்டு கிடந்தது. நான் நிறுத்ததில் தண்ணீரும் சேர்த்தி. 100 கிராம் எடுத்துச் சட்டியில் போட்டுச் சூடாக்கி, ஆறவைத்து நிறுத்தேன், 96. அப்படிப் பார்த்தால் 41 என்பது காய்ந்த உப்பில் 39. இரண்டு கிராமில் ஒரு சோறு கெட்டுப்போகாது.

ஆனால் நாங்கள் மூன்று வாரமும் அதே சோற்றைத்தானே சாப்பிட்டோம்? இங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

இதை வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "துவையல்ல உப்பு போட்டு ரெண்டு வருசமாச்சு. உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

நோட்டைப் புரட்டினேன். எள்ளுத் துவையல்: எள் 100, மிளகாய் வற்றல் 6, தேங்காய், புளி, பூண்டு. உப்பு இல்லை. அவள் அரைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் நிறுத்து எழுதியதுதான். உப்பு இல்லை என்பதை நானே எழுதிவிட்டு நானே கவனிக்கவில்லை. ஆச்சிக்கு நாக்கில் உப்பு உறைப்பது குறைந்துவிட்டது. வயசானால் அப்படித்தான் ஆகும். அவள் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருக்கிறது. அம்மாவும் வீட்டுக்காரியும் ஒரு வார்த்தை பேசாமல் துவையலில், ரசத்தில், மோரில் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். தட்டில் எல்லாம் சேர்ந்து சரியாக இருந்தது. சோற்றை மட்டும் பிரித்துச் சென்னைக்கு அனுப்பியதும் குட்டு உடைந்துவிட்டது.

அப்போ எந்த எண்ணைப் புத்தகத்தில் போடுவது? ஆச்சி இன்றைக்குப் போடுவது 41. நான் சின்னப் பையனாக அம்மன் கோயில் கொடைக்குச் சாப்பிட்ட சோற்றில் அது எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அம்மா அந்தக் கையைப் பார்த்துப் பழகினவள். ஆச்சி தூங்கும் நேரமாகப் பார்த்து, அதே உழக்கு அளவுக்கு அம்மாவைச் சமைக்கச் சொன்னேன். மறுபடி மரவையைத் தராசில் வைத்தேன். 31. இன்னொரு நாள் 29.

30 என்று எழுதினேன். ஆச்சியிடம் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் முடிவு. ஆனால் அவள் பெயரில் வரும் புத்தகத்தில் இன்னொருத்தி கையை நிறுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. ஒருநாள் சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவளிடம் மெல்ல ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"உப்பைச் சொல்லுதியா?"

"ஒனக்கு எப்படி ஆச்சி..."

"நாக்கு செத்துப் போச்சுல. துவையல் ருசி எனக்குத் தெரியாதுதான். கண்ணு தெரியாதா? அவ அம்மியில உக்காந்தா மரவைப் பக்கம் கையே போவல. நானே சொல்லிருப்பேன். சொன்னா அடுப்படிய விட்டு எந்திரிக்கச் சொல்லிருவீயன்னு இருந்துட்டேன்." ஒரு பல் பூண்டை உரித்துப் போட்டாள். "ஒங்கம்ம எவ்வளவு போட்டா?"

"முப்பது."

"அதைப் போடு. துவையலுக்கும் உப்பு எழுது. இல்லேன்னா மெட்ராசுக்காரி அதையும் உப்பில்லாம அரைச்சு வைப்பா."

இப்போது சோற்றுக்கு உப்பு அம்மா போடுகிறாள். மரவை அவள் பக்கம் போய்விட்டது. வெந்தயமும் சுக்கும் ஆச்சி கையில். நேற்று, தராசை எடு, பத்து சிட்டிகையை இன்னொரு தடவை நிறுப்போம் என்றாள். அன்றைக்குக் கை கூசினதில் குறைத்துப் போட்டுவிட்டாளாம். நிறுத்தோம். 17 கிராம். 1.4-ஐ அடித்துவிட்டு 1.7 என்று எழுதியிருக்கிறேன்.