நைலானும் நமத்த அப்பளமும்

நைலான் என்றதும் நம்மில் பலருக்குக் கொடிக்குக் கட்டும் கயிறும், பாட்டியின் பெட்டியில் மடித்துக் கிடக்கும் பழைய புடவையுமே நினைவுக்கு வரும். 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் வேதியியலாரும் அவருடைய தோழர்களும் அதை உருவாக்கியபோது, நூலாக இழுப்பதற்கென்றே உருவாக்கினார்கள். அதே நைலானை இழையாகச் சுருட்டி, முப்பரிமாண அச்சுப்பொறியில் மாட்டி, உருக்கி உருக்கி அடுக்குகளாகப் பொருள் வார்க்கும் காலம் இது. வேறு இழைகளோடு பழகியவர்கள் நைலானிடம் வரும்போது சற்றுத் திகைத்துத்தான் போகிறார்கள். நானும் என் அறைத் தோழரும் அதனோடு பத்து நாள் மல்லாடினோம். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறேன்.

நம் சங்கத்துத் தம்பி ஒருவர் சக்கர நாற்காலியில் வகுப்புக்கு வருபவர். சென்ற ஆடி மாதத்தில் அந்த நாற்காலியின் காலடித் தட்டைத் தாங்கும் பட்டை விரிந்துவிட்டது. மாற்றுப் பட்டை வர ஆறு வாரம் ஆகும் என்று விற்றவர்கள் கைவிரித்தார்கள். ஆறு வாரமும் ஒரு காலைத் துணியால் கட்டித் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வருவதா? யாரோ இரக்கப்பட்டுப் பி.எல்.ஏ. என்னும் வழக்கமான இழையில் ஒரு பட்டை அச்சிட்டுக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் ஒரு படிக்கட்டு விளிம்பில் இடித்ததும் அது கண்ணாடிபோல் படீரென்று முறிந்தது. பி.எல்.ஏ. விறைப்பானது, ஆனால் அதிர்ச்சியைத் தாங்காது. நைலானோ வளையும், நெளியும், அவ்வளவு எளிதில் ஒடியாது. ஆகவே நைலான் என்று முடிவாயிற்று. பட்டையின் நீளம் 160 மில்லிமீட்டர், அகலம் 30, கனம் 8.

ஆய்வுக்கூடத்தில் நைலான் 6 இழைச் சுருள் ஒன்று இருந்தது. இருந்தது என்ன, நான்கு நாளாகத் திறந்தபடியே மேசைமேல் கிடந்தது. மும்பையின் மழைக்காலத்தை அறிந்தவர்களுக்கு நான் மேலும் சொல்ல வேண்டியதில்லை. கழுவிப் போட்ட சட்டை மூன்றாம் நாளும் ஈரமாயிருக்கும் ஊர் இது.

நைலானுக்குத் தண்ணீர்மேல் அப்படி ஒரு காதல். அதன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளில் சிறிது தூரத்துக்கு ஒன்றாக ‘அமைடு’ என்னும் கணு வருகிறது. காற்றிலுள்ள ஈரம் அந்தக் கணுக்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. நைலான் 6-ஐ நீரில் நெடுநாள் ஊறவிட்டால், தன் எடையில் நூற்றுக்கு ஒன்பது பங்குக்கும் மேல் நீரை ஏற்கும். நைலான் 12 என்னும் வகையில் கணுக்கள் தொலைவு தொலைவாக இருப்பதால் ஒன்றரைப் பங்கு அளவோடு நின்றுவிடும். பெயரில் உள்ள எண்ணைப் பார்த்தே அதன் தாகத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

ஈரம் ஏறிய இழையும் நமத்த அப்பளமும் ஒரு சாதி. ஆனால் அப்பளம் நமத்தால் கையில் எடுத்ததும் தெரியும். இழையோ பார்வைக்கு அப்படியே இருக்கும். 260 டிகிரியில் காய்ந்திருக்கும் நாசிலுக்குள் நுழையும்போதுதான் வண்டவாளம் வெளிப்படும். உள்ளிருந்த நீர் ஆவியாகிக் கொப்புளிக்கும். கடுகு தாளிப்பதுபோல் மெல்லிய ‘சடசட’ ஓசை கேட்கும். வெளிவரும் நூல் பளபளப்பின்றி, நுண்ணிய குமிழிகளோடு, சோப்பு நுரையை இழுத்ததுபோல் இருக்கும். இது கண்ணுக்குத் தெரிகிற கேடு. தெரியாத கேடு ஒன்றும் உண்டு. அந்தச் சூட்டில் நீர் மூலக்கூறுச் சங்கிலிகளையே கணுவில் வெட்டிக் குட்டையாக்கிவிடும். நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதுதானே நைலானின் வலிமை! சங்கிலி குட்டையானால் வலிமையும் போயிற்று.

மெய்தானா என்று பார்க்க, ஈர இழையிலேயே விரல் நீளத்தில் ஒரு துண்டு அச்சிட்டு வைத்தோம். பிறகு சுருளை உலர்த்தத் தொடங்கினோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடிவைத்தால் இழை உலர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உலர்ந்ததை உலர்ந்தபடி காக்க அது போதும். நனைந்ததை உலர்த்தப் போதாது. இழையின் நடுவில் புகுந்த நீர் வெளியேறி வர, சாதாரண வெப்பத்தில் வாரக்கணக்கில் ஆகும். சூடு வேண்டும். ஆய்வுக்கூடத்து வெப்பக்காற்று அடுப்பில் 80 டிகிரி வைத்தோம். அடுப்பின் முகப்பில் தெரியும் எண்ணை நம்பாமல், தனியே ஒரு வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்துக்கொண்டோம். சூடு மிகுந்தால் நைலான் மஞ்சள் பூத்துக் கெடும். சுருளின் சட்டமும் நெளிந்துவிடும்.

எத்தனை மணி நேரம்? இதற்குக் கடிகாரத்தைக் காட்டிலும் தராசு நல்ல சாட்சி. அடுப்பில் வைக்குமுன் சட்டத்தோடு சேர்த்து நிறுத்தோம்: 1,242 கிராம். ஆறு மணி நேரம் கழித்து 1,226. பன்னிரண்டு மணி நேரத்தில் 1,219. பதினெட்டில் 1,218. அதன்பின் எடை இறங்கவில்லை. உலர்ந்தது என்று பொருள். ஒரு கிலோ இழைக்குள் 24 கிராம் நீர் ஒளிந்திருந்தது! ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டித் தண்ணீர். சட்டம் அட்டையால் ஆனதாக இருந்தால் அட்டையின் ஈரமும் கணக்கில் கலந்துவிடும். எங்களுடையது சூடு தாங்கும் பிளாஸ்டிக் சட்டம்.

உலர்ந்த இழையில் அதே துண்டை மீண்டும் அச்சிட்டோம். ஓசை இல்லை, நூல் கண்ணாடிபோல் இறங்கியது. இரண்டு துண்டுகளையும் தம்பியிடமே கொடுத்து ஒடிக்கச் சொன்னேன். ஈரத் துண்டு அடுக்கு அடுக்காகப் பிளந்தது. மற்றது வளைந்ததேயன்றி ஒடியவில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இது தாங்கும்போல இருக்கே!” என்றார். அவர் முகத்தில் அன்றுதான் நம்பிக்கையைக் கண்டேன்.

உலர்த்திய சுருளைத் திறந்தவெளியில் மாட்டினால் பட்ட பாடு வீண். ரப்பர் விளிம்புள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, சிறு துளை வழியே டெஃப்லான் குழாயில் இழையை நேரே பொறிக்குள் விட்டோம்.

அடுத்த வழக்கு மேடையோடு. நைலான் வழுக்கும் குணம் உடையது. அதனால்தானே அதில் பற்சக்கரம் செய்கிறார்கள்! அந்தக் குணமே அச்சு மேடையில் ஒட்டாமைக்கும் காரணம். வெறும் கண்ணாடியில் நைலான் நிற்காது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மராத்தியப் பெரியவர் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் ‘காகா’ என்போம். மின்சாரப் பலகைகளுக்குப் பயன்படும் ஹைலம் ஷீட்டை வாங்கிவரச் சொன்னார். துணியையோ தாளையோ பிசினில் தோய்த்து அழுத்திய பழுப்புத் தகடு அது. லோஹார் சால் கடைகளில் கிடைக்கும். அதன்மேல் நைலான் ஏனோ உடன்பிறந்ததுபோல் பற்றிக்கொள்கிறது. மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பைத் தேய்த்து நீக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, மேடைமேல் கவ்விவைத்தோம். தகடு மூன்று மில்லிமீட்டர் கனமாதலால் மேடையின் சூடு மேலே ஏறத் தாமதமாகும். திரையில் 80 என்று காட்டினாலும் கால்மணி நேரம் பொறுத்துத்தான் தொடங்க வேண்டும். ஹைலம் கிடைக்காதவர்கள் கண்ணாடிமேல் பசைக்குச்சியை மெல்லியதாகப் பூசிச் சமாளிக்கலாம். சிறு பொருள்களுக்கு அது போதும்.

ஒட்டிவிட்டால் வெற்றி என்று எண்ணியிருந்தோம். முதல் பட்டையின் பதினைந்தாம் அடுக்கில் ஒரு மூலை மெல்லத் தலைதூக்கியது. இருபதாம் அடுக்கில் அதன் எதிர்மூலை. வெயிலில் கிடந்த பலகைபோல் பட்டை கோணிக்கொண்டது.

காரணம் நைலானின் உடம்பிலேயே இருக்கிறது. குளிரும்போது பெரும்பாலான பொருள்கள் சற்றுச் சுருங்கும். நைலானுக்கு இன்னொரு சுருக்கமும் உண்டு: கலைந்து கிடந்த சங்கிலிகள் ஆறும்போது ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகமாகின்றன; இடம் குறைகிறது. நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் 160 மில்லிமீட்டர்ப் பட்டைக்கு 1.6 மில்லிமீட்டர் ஆயிற்று. கீழடுக்கு ஏற்கெனவே ஆறி இறுகிவிட்டது. மேலடுக்கு சூடாக வந்து அமர்ந்து, பின் சுருங்கிக் கீழடுக்கை உள்நோக்கி இழுக்கிறது. நாற்பது அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்தால் மூலைகள் எழாமல் என்ன செய்யும்?

இங்கேதான் பலர் இன்னும் வலிய பசையைத் தேடுகிறார்கள். பசை மூலையைப் பிடித்துவைக்குமே தவிர இழுப்பை நீக்காது. இழுப்பு உள்ளேயே தங்கியிருந்து, மேடையிலிருந்து பெயர்த்ததும் பட்டையை வளைக்கும். அல்லது நடுவே அடுக்கைப் பிளக்கும். இழுப்பையே குறைப்பதுதான் வழி. பொறியின் கதவை மூடி, மேடையைச் சூடாக்கி அரைமணி நேரம் வைத்திருந்து, உள்காற்று 55 டிகிரியை எட்டிய பின்பே தொடங்கினோம். காற்றாடியை முழுக்க நிறுத்தினோம். பட்டையின் கூர்மூலைகளை ஆறு மில்லிமீட்டர் ஆரத்தில் வளைவாக்கினோம். இழுப்பெல்லாம் மூலையில்தான் குவிகிறது. அடியில் சுற்றிலும் பத்து மில்லிமீட்டர் அகலத்தில் ஓரடுக்கு விளிம்பு வைத்தோம். பிறகு கத்தியால் அறுத்துவிடலாம். உட்புறத்தை முழுக்க நிரப்பாமல், சுவர்களை மட்டும் கனமாக்கினோம். முடிந்ததும் கதவைத் திறக்கவில்லை. இரண்டு மணி நேரம் தானாக ஆறவிட்டோம். அந்த இரண்டு மணி நேரம் என் தோழர் பட்ட தவிப்பைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

பட்டையைச் சமதளக் கண்ணாடிமேல் வைத்து ஒரு தாளை அடியில் நுழைத்துப் பார்த்தோம். ஒரு மூலையில் மட்டும் தாள் நுழைந்தது. இரண்டாம் தாள் நுழையவில்லை. திருகு முடுக்கினால் அந்தக் கோணல் தெரியாது.

ஆனால் உடனே மாட்டிவிடவில்லை. எந்த நீரை விரட்டப் பதினெட்டு மணி நேரம் அடுப்பு வைத்தோமோ, அதே நீரில் பட்டையை இரண்டு நாள் ஊறப்போட்டோம்! காகா சிரித்தார். முற்றிலும் உலர்ந்த நைலான் விறைப்பானது, அடிபட்டால் விரியக்கூடும். அச்சான பின் ஏறும் ஈரம் சங்கிலிகளுக்கிடையே புகுந்து நெகிழ்ச்சி தருகிறது; சங்கிலியை வெட்ட அங்கே சூடு இல்லை. விறைப்பு சற்றுக் குறையும், உருவமும் இம்மியளவு பருக்கும். அதற்காகவே திருகுத் துளைகளைச் சிறிது தாராளமாக விட்டிருந்தோம். 38 கிராம் பட்டை 39 கிராம் ஆயிற்று.

நைலானுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஓயாத பாரத்தின்கீழ் நாளடைவில் மெல்லத் தொய்யும். ஆகவே பட்டையின் நடுவில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அது நாற்காலிச் சட்டத்தின் விளிம்போடு ஒத்திருக்கிறதா என்று வாரந்தோறும் பார்க்கும்படி தம்பியிடம் சொன்னோம். ஆறாம் வாரத்தில் விற்றவர்களிடமிருந்து மாற்றுப் பட்டை வந்து சேர்ந்தது. அப்போது கோடு அரை மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. தம்பி புதியதை மாட்டிக்கொண்டார். பழையதைப் பையில் போட்டு, எங்கே போனாலும் கூடவே எடுத்துச் செல்கிறார்.