புள்ளிக்குச் சொந்தத் திசை கிடையாது

துபாயின் தேரா பகுதியில் தெருவுக்கு ஒரு டைப்பிங் சென்டராவது கண்ணில் படும். விசா விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம், கம்பெனிக் கடிதம் என்று அரபியில் போக வேண்டிய காகிதங்கள் இங்கேதான் உருவாகின்றன. நான் போயிருந்த கடையின் மூத்த ஊழியர் கீழக்கரைக்காரர், மதரஸாவில் அரபி படித்தவர். கடையில் எல்லோரும் அவரைக் காக்கா என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அன்று ஒரு வாடிக்கையாளருக்கு அரபியில் பதில் கடிதம் தயாராகிக்கொண்டிருந்தது. நடுவில் கம்பெனி பெயர் ஆங்கிலத்தில் வருகிறது, அது L.L.C. என்று முடிகிறது. திரையிலோ அது L.L.C என்றே முடிந்தது. கடைசிப் புள்ளி மட்டும் பெயரின் இடப்பக்கம் தாவியிருந்தது. டைப் செய்த இளைஞர் அந்தப் புள்ளியை அழித்துவிட்டு, பெயருக்கு முன்னால் அடித்தார். உடனே L.L.C. என்று சரியாகத் தெரிந்தது.

“அப்படிச் செய்யாதீங்க தம்பி. கண்ணுக்குத்தான் சரி, உள்ளே தப்பு” என்று காக்கா நிறுத்தினார்.

எழுத்துகள் திரையில் எந்தப் பக்கம் ஓடினாலும், கணினி அவற்றைப் படிக்கும் வரிசையில்தான் சேமிக்கிறது. காட்டும்போதுதான் யூனிகோடின் இருதிசை விதிகள் வேலை செய்கின்றன. ஆங்கில எழுத்து வலப்பக்கம் போகும், அரபி எழுத்து இடப்பக்கம் போகும். புள்ளி, அடைப்புக்குறி, இடைவெளி ஆகியவற்றுக்குச் சொந்தத் திசை கிடையாது. இரண்டு பக்கமும் ஆங்கிலம் இருந்தால் புள்ளி ஆங்கிலத்தோடு நிற்கும். L.L.C-யின் உள்புள்ளிகள் அசையாததற்கு அதுதான் காரணம். கடைசிப் புள்ளிக்கு ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் அரபி. அப்போது அது பத்தியின் திசையை எடுத்துக்கொள்ளும். பத்தி அரபி என்பதால் பெயரின் இடப்பக்கம் போய்விட்டது.

இளைஞர் செய்த மாற்றத்தில் புள்ளி பெயருக்கு முன்னால் சேமிக்கப்படுகிறது. அதே பெயரை வெட்டி ஆங்கில விண்ணப்பத்தில் ஒட்டினால் புள்ளி பெயருக்கு முன்னால்தான் விழும். கம்பெனி பெயரில் ஒரு புள்ளி மாறினாலும் காகிதம் திரும்பி வரலாம்.

காக்கா புள்ளியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். அதன் பின்னால் 200E என்று அடித்து Alt+X அழுத்தினார். வேர்டில் அது கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியாக மாறுகிறது. ஆங்கில எழுத்தைப் போலவே அதற்கும் வலப்பக்கத் திசை உண்டு. இப்போது புள்ளிக்கு இரண்டு பக்கமும் ஆங்கிலத் திசை கிடைத்ததால், அது பெயரின் கடைசியில் போய் நின்றது.

அடுத்தது போன் நம்பர். +971 4 000 0000 என்று அடித்தது 0000 000 4 971+ என்று தெரிந்தது. அரபிக்குப் பின்னால் வரும் எண் தொகுதி ஒவ்வொன்றும் உள்ளே சரியாக இருக்கும், தொகுதிகளின் வரிசை மட்டும் தலைகீழாகும். இங்கே அதே குறியை எண்ணுக்கு முன்னால் போட வேண்டும். தனக்கு முன்னால் உள்ள எழுத்தைப் பார்த்துத்தான் எண் திசையைத் தீர்மானிக்கிறது.

“கேள்விக்குறி மட்டும் ஏன் தொந்தரவு தருவதில்லை, காக்கா?” என்று கேட்டேன். பத்தியின் திசையை வேண்டுமென்றே ஆங்கிலத்துக்கு மாற்றிக் காட்டினார். அரபி வாக்கியத்தின் முற்றுப்புள்ளி வலது ஓரத்துக்கு, அதாவது வாக்கியம் தொடங்கும் பக்கத்துக்கு ஓடியது. அரபிக் கேள்விக்குறி இடத்தைவிட்டு அசையவில்லை. அதை அரபி எழுத்தாகவே யூனிகோட் கணக்கில் வைத்திருக்கிறது. முற்றுப்புள்ளியோ ஆங்கிலத்துக்கும் அரபிக்கும் பொது.

அதனால் புள்ளி தவறினால் அவர் முதலில் பார்ப்பது பத்தியின் திசையைத்தான். விண்டோஸில் கண்ட்ரோலோடு வலது ஷிஃப்ட் அழுத்தினால் பத்தி வலமிருந்து இடமாக மாறும். முதல் எழுத்தைப் பார்த்துத் திசையை முடிவு செய்யும் செயலிகளில், ஆங்கிலப் பெயரோடு தொடங்கும் அரபிப் பதில் முழுவதும் குலைந்துவிடும். அங்கே வாக்கியத்தின் தொடக்கத்தில் 200F குறி வேண்டும், அது அரபித் திசைக்கானது.

சோதிக்கும் வழியும் எளிது. கர்சரைப் பத்தியின் முடிவுக்குக் கொண்டுபோய் ஒரு முறை பேக்ஸ்பேஸ் அழுத்துவார். முற்றுப்புள்ளி மறைந்தால் சேமிப்பு சரி, திசைதான் பிழை. வேறு எழுத்து மறைந்தால் யாரோ புள்ளியை இடம் மாற்றியிருக்கிறார்கள்.

இந்தக் குறிகளுக்கு எல்லையும் உண்டு. மின்னஞ்சல் முகவரியோடு குறி ஒட்டிக்கொண்டால், நகலெடுத்து ஒட்டும் இடத்தில் முகவரி செல்லாமல் போகலாம். அதனால் முகவரி, வங்கிக் கணக்கு எண் போன்றவற்றைக் காக்கா தனி வரியில், இடமிருந்து வலமாக வைத்துவிடுகிறார்.

அரபியோ உருதுவோ ஆங்கிலத்தோடு கலந்து பதில் எழுதுகிறவர்கள் இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்: படிக்கும் வரிசையில் அடியுங்கள், புள்ளி தவறினால் திசையைத் திருத்துங்கள், புள்ளியை மட்டும் நகர்த்தாதீர்கள்.