இரண்டு வெள்ளிக்கு ஒரு வினை

எங்கள் ஊர் வாசிகசாலையில் அறிவித்தல் எழுதுவது என் பொறுப்பு. சில ஆண்டுகளுக்கு முன் பலகையில் இப்படி எழுதினேன்: 'சிறுவர் பகுதி சென்ற வெள்ளிக்கிழமையும் பெரியோர் பகுதி வருகிற வெள்ளிக்கிழமையும் திறக்கப்படும்.' பலகையில் இடம் குறைவு. ஒரு வினையை மிச்சம் பிடித்தேன்.

அடுத்த வெள்ளி காலை ஒரு முதியவர் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். சிறுவர் பகுதி திறந்து ஒரு கிழமையாகிறது என்றேன்.

"திறக்கப்படும் எண்டெல்லோ போட்டிருக்கு, தம்பி. சென்ற எண்டதைத்தான் எழுத்துப்பிழை எண்டு நினைச்சன்."

அவர் வாசித்த முறை சரியானது. தமிழில் வினை கடைசியில் வரும். முன்னால் 'உம்' போட்டு அடுக்கியவை எல்லாம் அதற்காகக் காத்து நிற்கும். வந்த வினை தன் பக்கத்தில் நின்ற 'வருகிற'வோடு பொருந்திக்கொண்டது. தூரத்தில் நின்ற 'சென்ற' அநாதையாயிற்று. நாளா வினையா என்று வந்தபோது, அவர் வினையை நம்பினார்.

அன்றிரவு, 1938இல் சுன்னாகத்தில் அச்சான, புன்னாலைக்கட்டுவன் கணேசையரின் குறிப்புகளோடு கூடிய சேனாவரையத்தை எடுத்துப் பார்த்தேன். வெவ்வேறு வினை கொள்ளும் பொருள்களைச் சேர்த்து எண்ணினால், ஒன்றுக்கு மட்டும் உரிய வினையால் முடிக்கக் கூடாது என்பது தொல்காப்பியர் விதி. யாழையும் குழலையும் சேர்த்துச் சொல்லிவிட்டு 'ஊதினார்' என்றால் யாழ் கெட்டுப்போகும். 'இயம்பினார்' என்றால் இரண்டுக்கும் பொருந்தும். தன்மை, படர்க்கை என இடம் வேறுபட்டாலும் தமிழ் வழிவிடுகிறது: 'அண்ணன் பருத்தித்துறைக்கும் நான் சாவகச்சேரிக்கும் போனோம்.' என் அறிவித்தலில் வேறுபட்டது காலம். 'திற' என்பதற்கு நேற்றைக்கும் நாளைக்கும் பொதுவான வினைமுற்று கிடையாது.

ஆனால் வீட்டில் பேசும்போது இந்தச் சிக்கல் வருவதே இல்லை. 'அவர் முடிச்சிட்டார், நான் இனித்தான்' என்கிறோம். இங்கே வினை பின்னால் விடுபடுகிறது. 'இனித்தான்' காலத்தைத் தானே சுமப்பதால், கேட்பவர் 'முடிப்பன்' என்பதைத் தவறாமல் நிரப்பிக்கொள்கிறார். 'அவர் நேற்றும் நான் நாளைக்கும் முடிப்பம்' என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. இந்தப் பிழை எழுத்தில்தான் பிறக்கிறது, அதுவும் சுருக்க நினைக்கும்போது.

இப்போது எழுதி முடித்ததும் கடைசி வினையை ஒவ்வொரு 'உம்'முக்குப் பின்னாலும் தனித்தனியே வைத்து வாய்விட்டு வாசிக்கிறேன். 'சென்ற வெள்ளிக்கிழமை திறக்கப்படும்' என்று அன்றைக்கே வாசித்திருந்தால் காதே மறித்திருக்கும்.

அன்று காலை, முதியவர் நிற்கும்போதே பலகையைத் துடைத்து, எழுத்தைச் சிறிதாக்கி, 'திறக்கப்பட்டது', 'திறக்கப்படும்' என்று இரண்டு வரியாக எழுதினேன். பேரன் பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தான். முதல் வரி முடிந்ததும், மற்றதற்குக் காத்திராமல் உள்ளே ஓடிவிட்டான்.