டியூப்பின் பின்பக்கம்

2017ஆம் ஆண்டின் ஜூலை மாதம். மும்பையில் மழை தொடங்கி மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. விடுதி அறையின் குறுக்கே கட்டிய கயிற்றில் போட்ட துணிகள் இரண்டு நாள்களாகியும் காயவில்லை. மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த அந்தத் தமிழ் மாணவர், ஈரம் முழுதும் போகாத ஜீன்ஸை அணிந்து நூலகத்துக்கும் துறைக்குமாக அலைந்துகொண்டிருந்தார். மாத இறுதியில் அவருடைய தொடையிடுக்கில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சிவந்த வட்டம் தோன்றியது. ஓரம் சற்றுத் தடித்துச் செதிலாகவும், நடுப்பகுதி ஏறத்தாழ இயல்பான தோலாகவும் இருந்தது. இரவில் அரிப்பு தாங்க முடியவில்லை.

சொல்லக் கூசுகிற இடம். மருத்துவரிடம் காட்டுவதைவிட மருந்துக் கடையில் கேட்பது எளிதாகத் தோன்றியது. அவர் மெல்லிய குரலில் 'குஜ்லி' என்றதும், கடைக்காரர் மேலும் எதையும் கேளாமல் ஒரு களிம்பை எடுத்து வைத்தார். காலையும் இரவும் பூசச் சொன்னார். சீட்டு கேட்கவில்லை, எத்தனை நாள் பூச வேண்டும் என்றும் கூறவில்லை.

களிம்பு வியக்கத்தக்க வகையில் வேலை செய்தது. இரண்டாம் நாளே அரிப்பு அடங்கியது. நான்காம் நாள் சிவப்பு மங்கியது. ஐந்தாம் நாள் அவர் பூசுவதை நிறுத்தினார். ஒரு வாரத்தில் அரிப்பு திரும்பியது. மீண்டும் பூசினார், மீண்டும் அடங்கியது. நவம்பர் வரை இப்படியே சென்றது. இதற்கிடையில் வட்டம் பிட்டத்துக்கும் அடிவயிற்றுக்கும் பரவியிருந்தது. இப்போது அதை வட்டம் என்றும் சொல்ல இயலாது. தெளிவான ஓரம் அழிந்து, பழுப்பும் சிவப்புமாக ஒரு படலம். அதனுள் ஆங்காங்கே வட்டத்துக்குள் வட்டம்.

தீபாவளிக்கு ஊருக்குச் சென்றபோது, தாயாரின் இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடத்தில் அதே போன்றதொரு வட்டத்தைக் கண்டார். "வேர்க்குருதான்ப்பா, போயிடும்" என்றார் தாயார். மகன் தம் பையிலிருந்த டியூப்பை எடுத்துக் கொடுத்தார். "இதப் போடுங்கம்மா, ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுடும்." அது உண்மையாயிற்று, நின்றது. பிற்காலத்தில் அவர் நினைத்து வருந்தியது தம் தோலைப் பற்றியன்று, இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே.

டிசம்பரில் தொடையின் உட்புறத்தில் செந்நீல நிற வரிகள் தோன்றிய பின்னரே, அவர் ஓர் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் சென்றார். அங்கிருந்த மருத்துவர் முதலில் கேட்டது, 'என்ன பூசினீர்கள்?' என்பதே. மாணவர் டியூப்பை நீட்டினார். மருத்துவர் அதன் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, பின்பக்கத்துச் சிற்றெழுத்துகளைப் படித்துக் காட்டினார். குளோபெட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபின். சொல்லின் ஈறுகளையும் இடைநிலைகளையும் பிரித்தாய்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், ஐந்து மாதம் கையில் வைத்திருந்த அந்நான்கு சொற்களையும் ஒருமுறைகூடப் படித்ததில்லை.

நான்கில் பூஞ்சையைக் கொல்வது டெர்பினாஃபின் ஒன்றே. ஆஃப்லாக்சசின் பாக்டீரியாவுக்கானது. ஆர்னிடசோல் காற்றின்றி வாழும் பாக்டீரியாக்களுக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கும் உரியது. படர்தாமரையில் இவ்விரண்டுக்கும் வேலையில்லை. குளோபெட்டசால் என்பது தோலில் பூசும் ஸ்டீராய்டுகளில் மிகவும் வீரியமான வகுப்பைச் சேர்ந்தது. இரண்டு நாளில் அரிப்பை நிறுத்தியது அதுவே.

ஏன் நின்றது என்பதில்தான் தீங்கின் வேரும் இருக்கிறது. படர்தாமரைப் பூஞ்சை தோலின் உயிருள்ள அடுக்கில் வாழ்வதில்லை; மேலே இருக்கும் இறந்த அடுக்கிலுள்ள கெரட்டினைத் தின்று வாழ்கிறது. உடல் அதை இரு வழிகளில் எதிர்க்கிறது. நோயெதிர்ப்பு அணுக்களை அவ்விடத்துக்கு வரவழைக்கிறது. தோலின் செல்களை வழக்கத்தைவிட வேகமாகப் பெருக்கி, மேலடுக்கைப் பூஞ்சையோடு சேர்த்துச் செதிலாக உதிர்க்கிறது. நாம் காணும் சிவப்பும் தடிப்பும் அரிப்பும் இந்தப் போரின் அடையாளங்கள். பூஞ்சை வெளிநோக்கி நகர, பின்னால் விடுபட்ட நடுப்பகுதி ஆறிக்கொண்டே வருவதால்தான் வட்ட வடிவம் உண்டாகிறது. ஸ்டீராய்டு இந்த எதிர்ப்பை அடக்குகிறது. செல் பெருக்கத்தையும் குறைக்கிறது. சிவப்பு மறைகிறது, அரிப்பு அடங்குகிறது, உதிர வேண்டிய செதில் உதிராமல் தங்குகிறது. பூஞ்சைக்குத் தடையற்ற விளைநிலம் கிடைக்கிறது. ஓரம் அழிந்து வட்டம் அடையாளம் இழப்பதும் இதனாலேயே. இவ்வாறு உருமாறிய படர்தாமரைக்கு 1968ஆம் ஆண்டிலேயே 'டினியா இன்காக்னிட்டோ', அதாவது மாறுவேடப் படர்தாமரை, என்று மருத்துவ இலக்கியத்தில் பெயரிட்டிருக்கிறார்கள்.

'பூஞ்சை மருந்தும் கூடவே இருக்கிறதே, ஒன்று அடக்க, ஒன்று கொல்லாதா?' என்று மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. விடை, இரண்டு மருந்துகளின் கால அளவில் இருக்கிறது. ஸ்டீராய்டு ஓரிரு நாளில் தன் வேலையைக் காட்டிவிடும். பூஞ்சை மருந்துக்கு வாரங்கள் வேண்டும். அரிப்பு நின்றதும் களிம்பை நிறுத்துவது மனித இயல்பு. ஆக, ஒவ்வொரு முறையும் ஸ்டீராய்டு தன் பங்கை முழுதாகச் செய்தது. டெர்பினாஃபின் தன் பங்கைத் தொடங்கும் முன்பே நிறுத்தப்பட்டது. போதாக்குறைக்கு, இந்தியாவில் இன்று பரவலாகக் காணப்படும் பூஞ்சையினம் ஒன்றில் டெர்பினாஃபினுக்கு எதிர்ப்புத் தன்மை அடிக்கடி தென்படுகிறது. 2020இல் அதற்கு இடப்பட்ட பெயர் டிரைக்கோபைட்டான் இண்டோடினியே. நாட்டின் பெயரையே தாங்கிய பூஞ்சை.

பூசிய இடமும் தீங்கைப் பெருக்கியது. எல்லாத் தோலும் மருந்தை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. 1967இல் வெளியான ஓர் அளவீட்டின்படி, ஹைட்ரோகார்ட்டிசோனை முன்கைத் தோல் உறிஞ்சும் அளவைப்போல் ஏறக்குறைய 40 மடங்கை விதைப்பைத் தோல் உறிஞ்சுகிறது. தொடையிடுக்கில் தோலோடு தோல் ஒட்டி மூடியிருப்பது உறிஞ்சுதலை மேலும் கூட்டும். உள்ளங்கையின் தடித்த தோலுக்கு ஏற்ற வீரியத்தை அங்கே மாதக்கணக்கில் பூசினால் தோலின் கொலாஜன் நலிந்து கிழிகிறது. அந்தச் செந்நீல வரிகள் அவ்வாறு வந்தவை. காலப்போக்கில் அவை வெளிறும், மறைவதில்லை.

மருத்துவர் படலத்தின் ஓரத்திலிருந்து செதிலைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விட்டார். சிறிது நேரத்தில் செல்கள் கரைந்து தெளிந்தன. நுண்ணோக்கியில் கிளைவிட்ட இழைகள் அடர்ந்து கிடந்தன. மாணவரையும் பார்க்கச் சொன்னார். பெரிய செலவில்லாத இந்தச் சோதனையே ஜூலை மாதத்தில் செய்திருக்க வேண்டியது.

பிறகு நடந்தது எளிதாக இல்லை. அந்தக் களிம்பை நிறுத்திய முதல் பத்து நாள்களில் சிவப்பும் அரிப்பும் முன்னிலும் கடுமையாகத் திரும்பின. அடக்கி வைத்த எதிர்ப்பு மீள்வதன் அறிகுறி அது. இதைக் கண்டு அஞ்சிப் பழைய டியூப்பையே மீண்டும் தேடுவோர் பலர் என்று மருத்துவர் முன்னரே எச்சரித்திருந்தார். பரப்பு பெரிதாகிவிட்டதால் பூச்சு மட்டும் போதவில்லை. உணவுக்குப் பின் உட்கொள்ளும் இட்ராகனசோல் மாத்திரைகளும், ஸ்டீராய்டு கலவாத லுலிகோனசோல் களிம்பும் தந்தார். ஒவ்வொரு திட்டின் விளிம்புக்கும் வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும் என்றார். பூஞ்சை, கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத் தாண்டியும் இருக்கும். தோல் இயல்பாகத் தோன்றிய பின்னும் இரண்டு வாரம் தொடர வேண்டும். அறைத்தோழருக்கும் ஒரு வட்டம் இருந்தது தெரியவந்தது. இருவரும் ஒரே துண்டைப் பயன்படுத்தி வந்திருந்தார்கள். அவருக்கும் ஒரே வேளையில் சிகிச்சை தொடங்கியது. துண்டுகள் பிரிந்தன, உள்ளாடைகள் வெந்நீரில் துவைக்கப்பட்டு, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, இஸ்திரி போடப்பட்டன. மூன்று மாதம் ஆயிற்று.

முதல் வட்டம் தோன்றிய அன்று அவர் செய்திருக்க வேண்டியது இதைவிட மிகச் சிறியது. டியூப்பைத் திருப்பி, மருந்துப் பெயர்களின் ஈறுகளைப் பார்ப்பது. 'சோன்' என்றும் 'லோன்' என்றும் முடிபவை பெரும்பாலும் ஸ்டீராய்டுகள்: பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன். விதிக்கு அடங்காத ஆபத்தான விலக்கு குளோபெட்டசால். அதைத் தனியே மனத்தில் இருத்த வேண்டும். 'கோனசோல்', 'ட்ரிமசோல்' என்று முடிபவை பூஞ்சை மருந்துகள்: மைக்கோனசோல், லுலிகோனசோல், குளோட்ரிமசோல். படர்தாமரைக்கு வாங்கும் களிம்பில் இவ்வகைப் பெயர் ஒன்று மட்டும் இருந்தால் போதும். இரண்டாவது பெயர் இருந்தால், அது எதற்கு என்று கேட்க வேண்டும்.

ஆயினும் ஈற்றைப் படிப்பது நோயைக் கண்டறிவதாகாது. இரவில் மிகும் அரிப்பு, விரலிடுக்குகளில் சிறு கொப்புளங்கள், வீட்டில் பலருக்கும் ஒரே தொல்லை என்றால் அது சொறிப்பூச்சியாக இருக்கலாம். பூஞ்சை மருந்து அதற்கு உதவாது. எக்சிமா எனில், அளவறிந்து தரும் ஸ்டீராய்டே சரியான மருந்து. ஸ்டீராய்டு நஞ்சன்று, அறியாத நோயின்மேல் பூசுவதே பிழை. முகம், தலை, நகம் ஆகியவற்றில் வந்தாலும், குழந்தை, கருவுற்றவர், நீரிழிவு உள்ளவர் எனில், அல்லது இரண்டு வாரம் தனிப் பூஞ்சை மருந்து பூசியும் குறையாவிட்டால், கடையைத் தாண்டி மருத்துவரிடம் செல்ல வேண்டும். பல மாதம் வீரியமான ஸ்டீராய்டைப் பெரும்பரப்பில் பூசியவர்கள் அதைச் சொல்லிவிட்டே சிகிச்சை தொடங்க வேண்டும்.

2018 மார்ச்சில், அதுவரை விலக்குப் பெற்றிருந்த பல ஸ்டீராய்டுக் களிம்புகள் சீட்டின்றி விற்கக்கூடாத அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளை அரசு தடை செய்தது. மாணவர் பூசிய நான்கு மருந்துக் கூட்டும் அவற்றுள் ஒன்று. ஆனால் வேறு ஸ்டீராய்டுக் கூட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. சீட்டு கேளாத கடைகளும் இருக்கின்றன.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று மாலை, அவர் முதலில் செய்தது ஊருக்குத் தொலைபேசியில் பேசியது. தாயார் உற்சாகமாகவே இருந்தார். களிம்பு மிக நல்ல களிம்பு என்றார். அடுத்த வீட்டுச் சித்திக்கும் கொஞ்சம் கொடுத்திருந்தார்; அவர் அதை முகத்திலிருந்த கரும்புள்ளிக்குப் பூசி வருகிறாராம், நிறம் வெளுத்திருக்கிறதாம். மாணவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா, அந்த டியூப்ப எடுத்துட்டு வாங்க. பின்னாடி பொடி எழுத்துல இருக்குறத ஒவ்வொண்ணா படிங்க" என்றார். தாயார் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டத் தொடங்கினார்.