வெள்ளிக்கிழமைக் காற்று

எங்கள் வீட்டில் எல்லாத் தலைவலிக்கும் ஒரே காரணம்தான். தலையில் நீர் கோத்துக்கிச்சு. அம்மா சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போட்டுவிட்டு, “இனிமே ஈரத்தலையோட போவாத” என்பாள். அலுவலகத்தில் அதே வலிக்கு சைனஸ் என்று பெயர். ஓஎம்ஆர் பக்கம் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்காவது ‘சைனஸ்’ இருக்கும். காய்ச்சல் இருக்காது, மூக்கிலிருந்து மஞ்சளாகச் சளி வராது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் விண்விண்ணென்று தெறிக்கும், வெளிச்சம் கூசும், வயிற்றைப் புரட்டும். அது பெரும்பாலும் மைக்ரேன். மைக்ரேனிலும் மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வரும் என்பதால்தான் இந்தப் பெயர்க் குழப்பம்.

எனக்கும் மைக்ரேன்தான். அதைச் சொன்ன நரம்பியல் மருத்துவர் இன்னொன்றும் கேட்டார். “குளிரினதால தலைவலி வந்துச்சா, தலைவலி வரப்போறதால குளிருச்சா?”

முதலில் சும்மா மடக்குகிறார் என்று நினைத்தேன். இல்லை. மைக்ரேன் வலியாக வெளிப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே மூளையில் தொடங்கிவிடும். கொட்டாவி வரும், கழுத்து இறுகும், சிலருக்கு இனிப்பு கேட்கும், சிலருக்குக் குளிரும். அப்போது சாதாரண ஏசிகூடத் தாங்காது. நாம் ஏசியைத் திட்டுவோம். வலி அதற்கு முன்பே கிளம்பி வந்திருக்கும். அதனால் குளிர்தான் தூண்டுதல் என்று சொல்ல, குளிரை நம் உடம்பை வைத்து அளக்கக் கூடாது. மைக்ரேன் வராத ஏதாவது ஒன்றை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

மலிவான டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, மானிட்டரின் மேல்விளிம்பில் தலை உயரத்துக்கு ஒட்டினேன். எட்டு வாரம் குறித்தேன். தலைவலி வந்த நாள், தொடங்கிய நேரம், முந்தின இரவுத் தூக்கம், சாப்பிட்ட நேரம், தெர்மாமீட்டர் காட்டியது. மொத்தம் 11 தலைவலி. அதில் ஆறு வெள்ளிக்கிழமைகளில்.

வாரக் கடைசிக் களைப்பு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மிச்சமிருந்த இரண்டு வெள்ளிகளையும் பாருங்கள். ஒன்றில் வீட்டிலிருந்து வேலை பார்த்தேன், வலி இல்லை. மற்றொன்றில் ரிலீஸுக்காக மொத்த டீமும் அலுவலகம் வந்திருந்தது. அன்று ராத்திரி ஒன்பது வரை இருந்தேன், அப்போதும் வலி இல்லை. களைப்புதான் காரணமென்றால் அன்றல்லவா தலை வெடித்திருக்க வேண்டும்? மற்ற நாட்களில் தெர்மாமீட்டர் 23, 23.5 காட்டியது. வலி வந்த வெள்ளிகளில் 20.5 வரை இறங்கியிருந்தது. அதுவும் காலையிலேயே, எனக்குக் கழுத்து இறுகத் தொடங்குவதற்கு முன்பே. தூணில் இருந்த தெர்மோஸ்டாட் எல்லா நாளும் கிட்டத்தட்ட 24தான்.

இந்தக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனால், “ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கலாமே” என்றார். பதில் சொன்னவர் ஏசி பராமரிப்புப் பார்க்கிற அண்ணன். தூத்துக்குடிக்காரர். என் நாற்காலிக்கு நேர் மேலே சீலிங்கில் இருந்த நான்கு பக்க டிஃப்யூசரை அண்ணாந்து பார்த்துவிட்டு, “வெள்ளிக்கெழம எத்தன பேரு வருவாங்க மேடம்?” என்றுதான் முதலில் கேட்டார். அறுபது பேர் உட்காரும் தளத்தில் ஏழெட்டுப் பேர்.

அவர் சொன்னது இதுதான். டிஃப்யூசரிலிருந்து வெளிவரும் காற்று 24 டிகிரி இல்லை, சுமார் 13. வேகமாக வந்தால் அது சீலிங்கை ஒட்டியே தூரம் வரை ஓடி, அறைக் காற்றோடு கலந்து, சூடேறி மெதுவாக இறங்கும். நமக்குத் தெரியாது. ஆள் குறைந்தால் அறையில் சூடு குறையும். உடனே குழாய்க்குள் இருக்கும் தடுப்பு தானாகவே காற்றின் அளவைக் குறைத்துவிடும். வேகம் இல்லாத குளிர்காற்றுக்குச் சீலிங்கைப் பிடித்து ஓடத் தெம்பு கிடையாது. கனமான காற்று அப்படியே பொத்தென்று கீழே விழும். “கொழாயத் தொறந்து பாருங்க. வேகமா விட்டா தண்ணி தூரமாப் போயி விழும். கொஞ்சமாத் தொறந்தா காலடியிலேயே ஒழுகும். அதேதான்.” தூணில் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு இந்த ஒழுகல் தெரியாது. அது என் தலைமேல் விழுவதோடு சரி.

ஊதுபத்தி கொளுத்தினால் புகை போகும் வழி நன்றாகத் தெரியுமாம். ஆனால் தீ அலாரம் அடித்துவிடும். அதனால் டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து நூலில் கட்டி, என் பிடரி உயரத்தில் தொங்கவிட்டார். செவ்வாய்க்கிழமை அது சும்மா தொங்கியது. வெள்ளிக்கிழமை விட்டுவிட்டு ஆடியது.

பிடரியில் படும் காற்றுக்கு நெற்றியும் கண்ணும் ஏன் வலிக்க வேண்டும்? மேல்கழுத்திலிருந்து வரும் நரம்புகளும் முகத்திலிருந்து வரும் நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. தகவல் எங்கிருந்து வந்தது என்று மூளைக்குக் குழப்பம். குளிரில் இறுகிய கழுத்துத் தசையின் முறையீடு கண்ணுக்குப் பின்னால் வலியாகக் கேட்கும். மருத்துவர்களின் வகைப்பாட்டில் குளிரால் வரும் தலைவலி என்றே தனியாக ஒன்று உண்டு. ஆனால் அது குளிர் விலகிய அரைமணி நேரத்துக்குள் போய்விடும். ஏசியை விட்டு வெளியே வந்தும் நான்கு மணி நேரம், ஒரு நாள் என்று நீடித்தால், குளிர் தீக்குச்சி மட்டும்தான், எரிவது மைக்ரேன்.

டிஃப்யூசரில் டேப் ஒட்டுவதுதான் எல்லா அலுவலகத்திலும் நடக்கும் வைத்தியம். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். சும்மா மூடினால் சென்னை ஈரப்பதத்தில் தகரம் வியர்த்து கம்ப்யூட்டர் மேல் சொட்டுமாம். அவர் என் பக்கத்து வாயை மட்டும் உள்ளிருந்து தகடு வைத்து, குளிர் தாங்கும் பஞ்சோடு அடைத்தார். மற்ற மூன்று வாய்களிலும் காற்றுக்கு வேகம் கூடியது, சீலிங்கைப் பிடித்து ஓடியது. அடுத்த வெள்ளி என் தெர்மாமீட்டர் 22.5. ஆள் இல்லாத நாட்களில் 13 டிகிரிக் காற்றையே 15, 16 ஆக்கினால் இன்னும் சரியாகும், ஆனால் அப்போது ஈரத்தை உறிஞ்சாது, தரைவிரிப்பு நாறும், அதற்கு மேலிடம் ஒப்புக்கொள்ளாது என்றார்.

கேப் வேறு கதை. மே மாதம் மதியம் ஒரு மணிக்கு வெயிலில் நின்ற வண்டி. ஏறியதும் டிரைவர் ஏசியை முழுசாகத் திருப்புவார். ஒன்றரை அடி தூரத்திலிருந்து குளிர்காற்று நேராக நெற்றியில். மைக்ரேன் மூளைக்குச் சூடோ குளிரோ பெரிதில்லை, சடாரென்று மாறுவதுதான் ஆகாது. ஒரு டிரைவர் தம்பி மட்டும் கதவுகளை இரண்டு நிமிடம் திறந்து வைத்து அனலை வெளியேற்றிவிட்டுத்தான் ஏறச் சொல்வான். காற்று வாய்களைக் கூரை பார்த்துத் திருப்பியிருப்பான். இறங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது குளிரைக் குறைப்பான். “எங்கக்காவுக்கும் இப்படித்தான்க்கா” என்றான் ஒருநாள்.

இப்போது மாதம் மூன்று, நான்கு தலைவலி. முழுசாகப் போகவில்லை, தூக்கம் கெட்டால் வரத்தான் செய்கிறது. ஆனால் கலவை வலி மாத்திரை போடும் நாட்கள் மாதம் பத்தைத் தாண்டி, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், மாத்திரையே தினசரித் தலைவலியைக் கொண்டுவரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஏப்ரலில் ஒன்பது நாள் போட்டிருந்தேன். போன மாதம் மூன்று.

போன வாரம் ஹெச்.ஆரிலிருந்து மெயில் வந்தது. செலவைக் குறைக்க, வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் எல்லாரும் தளத்தின் ஒரே மூலையில் உட்கார வேண்டுமாம். எந்த மூலை என்று இன்னும் சொல்லவில்லை. டிஷ்யூவும் நூலும் என் டிராயரில் இருக்கின்றன.